374 இருக்க வேண்டிய இடத்தில் 373: பாதி வெளிச்சத்தில் நின்ற எல்இடி

சுற்று மிகச் சிறியது. நொடிக்கு ஒரு துடிப்பு தரும் சிமாஸ் வகை 555 டைமர் ஒன்று. எட்டு ஃப்ளிப்-ஃப்ளாப்கள் அடங்கிய 74HC374 ஒன்று. ஆறு இன்வெர்ட்டர்கள் கொண்ட 74HC04 ஒன்று. எட்டில் ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப்பின் வெளியீடான Q, ஓர் இன்வெர்ட்டர் வழியாகத் திரும்பி அதன் உள்ளீடான D-க்கே வருகிறது. கிளாக் ஏறும் ஒவ்வொரு முறையும் Q தன் எதிர்நிலைக்கு மாறும். ஆக, உள்ளே போகும் அலையின் அதிர்வெண்ணில் பாதி வெளியே வரும். கவுண்டர்களின் முதல் படியான இரண்டால் வகுக்கும் சுற்று இதுதான். Q-விலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு சிவப்பு எல்இடி. அது ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணைந்திருக்க வேண்டும்.

ஒரு மாணவர் கட்டிக்கொண்டுவந்த பிரெட்போர்டில் அப்படி நடக்கவில்லை. 555-இன் வெளியீடு உயர்ந்திருக்கும் நேரம் முழுவதும் எல்இடி பாதி வெளிச்சத்தில் அசையாமல் நின்றது. வெளியீடு தாழ்ந்ததும் சில முறை முழுதாக எரிந்தது, சில முறை முழுதாக அணைந்தது. எப்போது எரியும், எப்போது அணையும் என்பதில் எந்த ஒழுங்கும் தென்படவில்லை.

“ஐசி போயிடுச்சுன்னு நெனச்சு வேற ஒண்ணு மாத்திப் பாத்தேன் சார். அதுவும் இதே மாதிரிதான் பண்ணுது” என்றார் அவர்.

சிப்பின் மேல் அச்சாகியிருந்தது 74HC373. கடையில் 374 இல்லாததால் “ரெண்டும் ஒரே பின்தான்” என்று சொல்லி இதைக் கொடுத்திருக்கிறார்கள். பின் அமைப்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். இரண்டுக்கும் 20 பின்கள், D-களும் Q-க்களும் அதே இடங்களில், சப்ளை அதே இடத்தில். வேறுபாடு 11-ஆம் பின்னில் இருக்கிறது. 374-இல் அது கிளாக், 373-இல் அது எனேபிள். 374 ஃப்ளிப்-ஃப்ளாப், 373 லாட்ச். ஒரே ஒரு பின்னின் பெயர் மாறியதற்கு எல்இடி ஏன் பாதி வெளிச்சத்தில் நிற்கிறது என்பதைப் பிடித்துவிட்டால் லாட்ச், ஃப்ளிப்-ஃப்ளாப் இரண்டும் ஒருசேரப் புரிந்துவிடும். அதனால் சரியான ஐசியைத் தேடிப் போகாமல் இந்தப் பலகையையே சோதித்தோம்.

மல்டிமீட்டர் காட்டியது

முதலில் 555-ஐக் கழற்றிவிட்டு 11-ஆம் பின்னை நேராக 5 வோல்ட்டில் இணைத்தோம். எல்இடி அதே பாதி வெளிச்சத்தில் நின்றது. Q-வை மல்டிமீட்டரில் டிசி அளவையில் பார்த்தால் 2.4 வோல்ட். மீட்டர் கம்பியின் கெபாசிட்டன்ஸ் சுற்றைக் கலைத்துவிடக் கூடாது என்பதற்காகக் கம்பி முனையில் ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டரைச் சேர்த்துத்தான் அளந்தோம். மீட்டரின் உள்ளெதிர்ப்பு 10 மெகாஓம் என்பதால் அளவில் இதனால் பிழை வராது.

5 வோல்ட்டில் ஓடும் சிமாஸ் வெளியீடு ஒன்று 0-வுக்கு அருகில் இருக்க வேண்டும், அல்லது 5-க்கு அருகில் இருக்க வேண்டும். சரிபாதியில் நிற்கிறது என்றால் இரண்டு காரணங்களில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். இரண்டு வெளியீடுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கலாம். அல்லது அந்த வெளியீடு மீட்டருக்குத் தெரியாத வேகத்தில் 0-வுக்கும் 5-க்கும் இடையே ஆடிக்கொண்டிருக்க, மீட்டர் அதன் சராசரியைக் காட்டலாம். இங்கே Q-வோடு வேறு எந்த வெளியீடும் இணையவில்லை. ஆசிலோஸ்கோப்பை வைத்ததும் இரண்டாவது காரணம்தான் என்று தெரிந்தது. ஏறக்குறைய 22 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலை ஓடிக்கொண்டிருந்தது. நொடிக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட முறை எரிந்து அணையும் எல்இடிதான் கண்ணுக்குப் பாதி வெளிச்சமாகத் தெரிந்திருக்கிறது.

(விலை குறைந்த சிறிய ஸ்கோப்களில் இந்த அலை தேய்ந்துபோய் ஒரு தடித்த கோடாகத் தெரியலாம், அல்லது அதிர்வெண்ணே தவறாகத் தெரியலாம். மல்டிமீட்டரின் 2.4 வோல்ட் அந்த வகையில் நம்பகமான அடையாளம்.)

இந்த 22 மெகாஹெர்ட்ஸ் எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். 5 வோல்ட்டில் 373-இன் D-யில் நிகழும் மாற்றம் Q-வில் தெரிய வழக்கமாக 12 நானோ விநாடி ஆகும். 04-இன் ஓர் இன்வெர்ட்டருக்கு 7. எனேபிள் உயர்ந்திருக்கும்போது D-யில் வருவது அப்படியே Q-வுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். Q 0 என்றால் இன்வெர்ட்டர் D-யை 1 ஆக்கும். அந்த 1, 12 நானோ விநாடியில் Q-வுக்கு வரும். 7 நானோ விநாடியில் D 0 ஆகும். அந்த 0 மறுபடி Q-வுக்கு வரும். ஒரு சுற்றுக்கு 19 நானோ விநாடி, ஒரு முழு அலைக்கு இரண்டு சுற்று, அதாவது 38 நானோ விநாடி, அதாவது 26 மெகாஹெர்ட்ஸ். பிரெட்போர்டின் கெபாசிட்டன்ஸும் ஸ்கோப் புரோபும் சேர்ந்து அதை 22-க்கு இறக்கியிருக்கின்றன. நாம் வகுப்பான் கட்டவில்லை, ரிங் ஆசிலேட்டர் கட்டியிருக்கிறோம்.

கிளாக் தாழ்ந்தபின் வரும் ஒழுங்கின்மைக்கும் இதுவே விடை. எனேபிள் தாழும் கணத்தில் Q எந்தப் பக்கம் இருந்ததோ அதுவே நின்றுவிடுகிறது. அரை நொடிக்குள் ஒரு கோடி முறைக்கு மேல் ஆடிய ஒன்று கடைசியில் எந்தப் பக்கம் நிற்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எழுதும்போது லாட்சுக்கு நினைவு இல்லை

எனேபிள் உயர்ந்திருக்கும்போது D அப்படியே Q-வுக்குப் போகும் இந்தக் குணத்தைத்தான் லாட்சின் ஒளிபுகும் தன்மை என்கிறார்கள். இதை ஏதோ குறைபாடு போல நினைத்துவிடக் கூடாது. நினைவு எதில் தங்குகிறது என்று பார்த்தால், வேறு விதமாக இருக்கவே முடியாது என்பது புரியும்.

ஒரு பிட்டைப் பிடித்துவைக்க இரண்டு இன்வெர்ட்டர்கள் போதும். முதலாவதின் வெளியீடு இரண்டாவதற்குப் போகிறது, இரண்டாவதின் வெளியீடு முதலாவதற்குத் திரும்பி வருகிறது. இந்த வளையம் தன்னைத்தானே தாங்கி நிற்கும். 1 என்றால் 1-ஆகவே, 0 என்றால் 0-வாகவே சப்ளை இருக்கும்வரை இருக்கும். நினைவு என்பது வளையம் மூடியிருப்பதுதான், வேறொன்றும் இல்லை.

இப்போது அதில் புதிய மதிப்பு ஒன்றை எழுத வேண்டும். வளையம் மூடியே இருந்தால் அது பழைய மதிப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு புதியதை எதிர்க்கும். ஆகவே வளையத்தை ஓரிடத்தில் வெட்டி, வெட்டிய முனையில் D-யை இணைக்க வேண்டும். சிமாஸ் லாட்சுகளில் இதைச் செய்பவை இரண்டு டிரான்ஸ்மிஷன் கேட்டுகள், அதாவது மின்னால் திறந்து மூடும் இரண்டு சுவிட்சுகள். ஒன்று D-யை உள்ளே விடுகிறது, மற்றொன்று வளையத்தை மூடுகிறது. எனேபிள் உயர்ந்தால் முதலாவது திறந்து இரண்டாவது துண்டிக்கும். தாழ்ந்தால் முதலாவது துண்டித்து இரண்டாவது இணையும். எனேபிளை E என்று குறித்தால் மொத்த நடத்தையும் ஒரே வரியில் அடங்கும்:

```
Q = (E · D) + (E' · Q)
```

இடப்பக்க Q-வும் வலப்பக்கத்தில் இரண்டாம் உறுப்பில் வரும் Q-வும் ஒன்றே. E = 0 என்றால் Q = Q என்று மிஞ்சுகிறது. அதுதான் நினைவு. E = 1 என்றால் Q = D. இங்கே வலப்பக்கத்தில் Q இல்லவே இல்லை. வளையம் வெட்டுப்பட்டிருக்கிறது. D-க்கும் Q-வுக்கும் நடுவே இருப்பது சில இன்வெர்ட்டர்கள் மட்டும், அதாவது தாமதம் கொண்ட ஒரு கம்பி. நேண்ட் கேட்டுகளால் ஆன பழைய லாட்சுகளில் வளையத்தை வெட்டுவதற்குப் பதிலாக, எனேபிள் உயர்ந்திருக்கும் நேரம் முழுவதும் அதை ஒரு பக்கமாக அழுத்திப் பிடிப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே.

எனவே ஒரே ஒரு வளையத்திடம் நாம் கேட்க முடியாத ஒன்று இருக்கிறது. பழைய மதிப்பை வெளியே காட்டிக்கொண்டே புதிய மதிப்பை உள்ளே வாங்கு என்று கேட்க முடியாது. இரண்டால் வகுக்கும் சுற்றுக்குத் தேவைப்படுவதோ சரியாக அதுதான். அங்கே புதிய மதிப்பு பழைய மதிப்பிலிருந்து பிறக்கிறது. பழையது நிலைத்து நின்றால்தான் புதியது என்ன என்பதே தீர்மானமாகும்.

ஆனால் தன் வெளியீட்டைத் தானே திரும்ப வாங்காத இடத்தில் ஒளிபுகுதல் பெரிய நன்மை. 8085 மைக்ரோப்ராசஸரைப் படித்தவர்கள் அதன் பக்கத்தில் எப்போதும் ஒரு 373 இருப்பதைக் கவனித்திருப்பார்கள். 8085-இல் முகவரியின் கீழ் எட்டு பிட்டுகளும் தரவும் ஒரே எட்டுப் பின்களில் மாறி மாறி வரும். முகவரி வரும்போது ஏஎல்இ என்ற சைகை உயரும், அதுவே 373-இன் எனேபிள். முகவரி பின்னில் தோன்றியவுடனே லாட்ச் வழியாக மெமரிக்குப் போய்விடுகிறது, மெமரியும் தேடத் தொடங்கிவிடுகிறது. ஏஎல்இ தாழ்ந்தபின் அது பிடிபட்டு நிற்கிறது. அதே இடத்தில் 374-ஐச் செருகினால் ஏஎல்இ ஏறும்போதே, முகவரி நிலைப்பதற்கு முன்னரே, அது பிடித்துவிடும். ஏஎல்இ-யைத் தலைகீழாக்கி இறக்கத்தில் பிடிக்கவைத்தால் முகவரி சரியாக இருக்கும். ஆனால் சுமார் 100 நானோ விநாடி தாமதமாகத்தான் மெமரிக்குப் போகும். மெதுவான மெமரியோடு வேலை செய்த அந்தக் காலத்தில் 100 நானோ விநாடி லேசில் விட்டுக்கொடுக்கக் கூடியதல்ல.

துடிப்பைக் குறுக்கினால் போதாதா?

எனேபிள் நீண்ட நேரம் உயர்ந்திருப்பதால்தானே ஆட்டம், ஒரே ஒரு சுற்றுக்கு மட்டும் திறந்து மூடினால் சரியாகிவிடுமே என்று மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. வேகமான சில ப்ராசஸர்களுக்குள் இப்படிப்பட்ட துடிப்பு லாட்சுகளை உண்மையிலேயே பயன்படுத்துகிறார்கள். இந்தப் பலகையில் அது ஏன் ஆகாது என்பதை எண்களே சொல்கின்றன.

துடிப்பு ஒரு சுற்றுத் தாமதத்தைவிடக் குறுகியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மாறிய Q திரும்பி வந்து மறுபடி உள்ளே நுழைந்துவிடும். நம் சுற்றுத் தாமதம் 19 நானோ விநாடி. மறுபக்கம், 373 ஒழுங்காகப் பிடிக்க எனேபிள் குறைந்தது 16 நானோ விநாடி உயர்ந்திருக்க வேண்டும் என்கிறது டேட்டாஷீட், 4.5 வோல்ட் சப்ளைக்கு. ஆக 16-க்கும் 19-க்கும் நடுவே ஒரு துடிப்பைத் தயாரிக்க வேண்டும். அதுவும் அந்த 19 என்பது வழக்கமான மதிப்பு மட்டுமே. டேட்டாஷீட் அதிகபட்சத் தாமதத்துக்குத்தான் உறுதி தருகிறது, குறைந்தபட்சத் தாமதத்தை எழுதுவதில்லை. வேகமான ஒரு ஐசி வந்து சேர்ந்தால் 19 என்பது 14 ஆகி, துடிப்புக்கு இடமே இல்லாமல் போகும். சிப்புக்குள்ளே, ஒரே சிலிக்கானில், தாமதங்கள் எல்லாம் ஒன்றாகக் கூடிக் குறையும் இடத்தில் இதை வடிவமைக்கலாம். தனித்தனி ஐசிகளில் வடிவமைக்க முடியாது.

இரண்டாம் லாட்ச்

பழையதைக் காட்ட ஒரு வளையம், புதியதை வாங்க இன்னொரு வளையம். வழி இதுதான். ஒரு 373-க்குள் எட்டு லாட்சுகளுக்கும் எனேபிள் பொதுவானது என்பதால் இரண்டாவதாக ஒரு 373-ஐ எடுத்தோம். முதல் லாட்சின் வெளியீட்டை M என்போம். அது இரண்டாம் லாட்சின் D-க்குப் போகிறது. இரண்டாம் லாட்சின் வெளியீடுதான் Q. அதிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக முதல் லாட்சின் D-க்குத் திரும்பும் பாதை முன்பு போலவே. கிளாக் இரண்டாம் லாட்சின் எனேபிளுக்கு நேராகப் போகிறது. 04-இல் மிச்சமிருந்த இன்வெர்ட்டர் ஒன்றின் வழியாக, தலைகீழாக, முதல் லாட்சின் எனேபிளுக்குப் போகிறது. பாடநூல்கள் முதலாவதை மாஸ்டர் என்றும் இரண்டாவதை ஸ்லேவ் என்றும் சொல்லும். சிமாஸ் உள்ளீடுகளை அந்தரத்தில் விடக் கூடாது என்பதால் பயன்படாத D-களையும் மீதி இன்வெர்ட்டர் உள்ளீடுகளையும் கிரவுண்டில் இணைத்தோம்.

கிளாக் தாழ்ந்திருக்கிறது, Q 0 என்று தொடங்குவோம். இன்வெர்ட்டரால் D 1. முதல் லாட்ச் திறந்திருக்கிறது, ஆகவே M-உம் 1. இரண்டாம் லாட்ச் மூடியிருப்பதால் M என்னவானாலும் Q 0-விலேயே நிற்கிறது. இந்த நிலை எவ்வளவு நேரம் நீடித்தாலும் எதுவும் ஆடாது. D-க்கு ஊட்டம் தரும் Q பிடிபட்டிருக்கிறது.

கிளாக் ஏறுகிறது. முதல் லாட்ச் 1-ஐப் பிடித்தபடி மூடுகிறது, இரண்டாவது திறக்கிறது. M-இல் இருந்த 1 இப்போது Q-வுக்கு வருகிறது. Q மாறியதால் D 0 ஆகிறது. முன்பு ஆட்டம் தொடங்கியது இந்த இடத்தில்தான். இப்போது அந்த 0 மூடிய முதல் லாட்சின் வாசலில் நின்றுவிடுகிறது. கிளாக் உயர்ந்திருக்கும்வரை M 1, Q-வும் 1.

கிளாக் இறங்குகிறது. இரண்டாம் லாட்ச் 1-ஐப் பிடித்து மூடுகிறது. முதல் லாட்ச் திறக்க, காத்திருந்த 0 உள்ளே வந்து M 0 ஆகிறது. Q மாறவில்லை. அடுத்த ஏற்றத்தில்தான் அந்த 0 வெளியே வரும். ஆக இரண்டு ஏற்றத்துக்கு ஒரு முழு அலை. எல்இடி ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணைந்தது.

இந்த நடையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளாக்கின் விளிம்பை உணரும் உறுப்பு எதுவும் இந்தச் சுற்றில் இல்லை. இரண்டு லாட்சுகளுமே எனேபிள் உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்பதை மட்டும்தான் பார்க்கின்றன. முதலாவது கடைசியாகப் பார்த்த மதிப்பே இரண்டாவது முதலில் காட்டும் மதிப்பு ஆகிறது. அந்தக் கைமாற்றம் ஏற்றத்தின்போது மட்டுமே நடப்பதால், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மொத்தமும் விளிம்பில் இயங்கும் ஒரே உறுப்பாகத் தெரிகிறது. 74HC374, 74HC74, 4013 போன்ற சிமாஸ் டி ஃப்ளிப்-ஃப்ளாப்கள் உள்ளே இப்படித்தான் அமைந்திருக்கின்றன. எல்லா ஃப்ளிப்-ஃப்ளாப்பும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. டிடிஎல் வகை 7474 ஆறு நேண்ட் கேட்டுகளை வேறு விதமாகப் பின்னி அதே விளைவைத் தருகிறது.

இரண்டும் திறந்திருக்கும் ஏழு நானோ விநாடி

மேலே சொன்ன நடையில் ஒரு இடத்தை வேகமாகக் கடந்துவிட்டோம். கிளாக் ஏறும்போது முதலாவது மூடுகிறது, இரண்டாவது திறக்கிறது என்றோம். இரண்டும் ஒரே கணத்தில் நடப்பதில்லை. இரண்டாவதுக்குக் கிளாக் நேராக வருகிறது. முதலாவதுக்கு இன்வெர்ட்டரைத் தாண்டி 7 நானோ விநாடி பிந்தி வருகிறது. அந்த 7 நானோ விநாடிக்கு இரண்டு லாட்சுகளும் திறந்திருக்கின்றன, D-யிலிருந்து Q வரை தடையில்லாப் பாதை இருக்கிறது.

நம் வகுப்பான் ஏன் தப்பியது? இரண்டாம் லாட்ச் திறந்து Q மாற ஏறக்குறைய 14 நானோ விநாடி, இன்வெர்ட்டரைத் தாண்டி D மாற இன்னும் 7. ஆக D மாறுவது ஏற்றத்துக்கு 21 நானோ விநாடிக்குப் பின். முதல் லாட்ச் 7-இலேயே மூடிவிட்டது. மூடியபின்னும் D 5 நானோ விநாடி அசையாமல் இருக்க வேண்டும் என்கிறது டேட்டாஷீட். கூட்டினால் 12. 21-க்கும் 12-க்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது. இந்த 12 நானோ விநாடிதான் நாம் கட்டிய ஃப்ளிப்-ஃப்ளாப்பின் ஹோல்டு நேரம். டேட்டாஷீட்டில் வெறும் எண்ணாக நிற்கும் ஹோல்டு நேரம் இப்படித்தான் பிறக்கிறது. முதல் லாட்ச் உண்மையில் எப்போது மூடுகிறது என்பதே அதன் பொருள்.

இதே ஜோடிகளை வரிசையாக வைத்து ஷிப்ட் ரெஜிஸ்டர் கட்டினால் நிலைமை மாறுகிறது. அங்கே ஒரு நிலையின் Q நேராக அடுத்த நிலையின் D-க்குப் போகிறது, நடுவே இன்வெர்ட்டர் இல்லை. D மாறுவது 14-இல், ஹோல்டு தேவை 12 வரை. மிஞ்சுவது 2 நானோ விநாடி. எனேபிளைத் தலைகீழாக்கும் இன்வெர்ட்டர் சற்று மெதுவானதாக வாய்த்து 7 என்பது 10 ஆனால், தேவை 15 ஆகி, புதிய பிட் ஒரே ஏற்றத்தில் இரண்டு நிலைகளைத் தாண்டிவிடும் அபாயம் வரும். வகுப்பானில் அதே இன்வெர்ட்டர் சிப்தான் D-யின் பாதையிலும் இருக்கிறது. அது மெதுவானால் D-யும் மெதுவாகும், இடைவெளி கெடாது. வகுப்பான் ஓடுகிறது என்பதை வைத்து ஷிப்ட் ரெஜிஸ்டரும் ஓடும் என்று எண்ணக் கூடாது.

இன்வெர்ட்டரை இரண்டாம் லாட்ச் பக்கம் மாற்றினால் என்ன? அப்போது சுற்று கிளாக்கின் இறக்கத்தில் இயங்கும். இறக்கத்தில் முதலாவது உடனே மூடி, 7 நானோ விநாடி கழித்து இரண்டாவது திறக்கும். நடுவே இரண்டும் மூடியிருக்கும் பாதுகாப்பான இடைவெளி. ஆனால் மறு விளிம்பில் முதலாவது முந்தித் திறந்து இரண்டாவது பிந்தி மூடுவதால் திறப்பு அங்கே போய்விடுகிறது. அங்கே காப்பாற்றுவது முதல் லாட்சின் சொந்தத் தாமதம். புதிய மதிப்பு M-க்கு வர 14 நானோ விநாடி ஆகும், இரண்டாவதோ 7-இல் மூடிவிடும், ஹோல்டு சேர்த்தால் 12. இரண்டு விளிம்பிலும் இடைவெளி வேண்டுமென்றால் ஒன்றின்மேல் ஒன்று படியாத இரண்டு கிளாக்குகள் தேவை. இன்டெல் 8080 அப்படிப்பட்ட இரட்டைக் கிளாக்கை வெளியிலிருந்து கேட்டது. அதைத் தயாரித்துத் தரவே 8224 என்ற தனி ஐசி இருந்தது.

கைப்பொத்தான் வந்ததும் திரும்பிய கோளாறு

555 கிளாக்கில் வகுப்பான் நன்றாக ஓடியபின், மாணவர் அதை எடுத்துவிட்டு ஒரு பொத்தானை வைத்தார். பொத்தான் துள்ளுவதை அடக்க 10 கிலோஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும். அழுத்தினால் கிளாக் தாழும், விட்டால் மெதுவாக ஏறும். விடும்போது Q சில முறை மாறியது, சில முறை மாறவில்லை. பழைய ஒழுங்கின்மை வேறு வடிவில் திரும்பியிருந்தது.

கெபாசிட்டருக்குப் பதிலாக ஒரு பொட்டென்ஷியோமீட்டரை வைத்துக் கிளாக் மின்னழுத்தத்தைக் கையால் மெதுவாக ஏற்றிப் பார்த்தோம். 2.3 வோல்ட்டைத் தாண்டியதும் Q-வில் மீட்டர் 2.4 காட்டியது. 2.4 வோல்ட்டுக்கு மேல் ஏற்றியதும் Q ஏதோ ஒரு பக்கம் போய் நின்றது. நடுவே இருந்த பத்தில் ஒரு வோல்ட்டில் சுற்று ஆடிக்கொண்டே இருக்கிறது.

காரணம் வாசல் மின்னழுத்தம். 2.3 வோல்ட்டிலேயே இரண்டாம் லாட்ச் கிளாக்கை உயர்ந்ததாக எடுத்துக்கொண்டு திறந்துவிடுகிறது. இன்வெர்ட்டர் அதை ஒப்புக்கொள்வது 2.4 வோல்ட்டில்தான், அதன் பிறகே முதல் லாட்ச் மூடும். வேகமான கிளாக்கில் இந்தப் பத்தில் ஒரு வோல்ட் நொடியின் துணுக்கில் கடந்துபோகும். 10 கிலோஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் சேர்ந்த காலமாறிலி 1 மில்லி விநாடி. நடு மின்னழுத்தத்தில் ஏறும் வேகம் மில்லி விநாடிக்குச் சுமார் 2.5 வோல்ட். பத்தில் ஒரு வோல்ட்டைக் கடக்க 40 மைக்ரோ விநாடி. இரண்டு லாட்சும் திறந்த வளையத்தின் தாமதம் 12, 12, 7 சேர்ந்து 31 நானோ விநாடி, முழு அலைக்கு 62. ஒவ்வொரு முறை பொத்தானை விடும்போதும் Q அறுநூறு முறைக்கு மேல் ஆடிவிட்டுத்தான் நிற்கிறது. இந்த வகை ஐசிகளின் உள்ளீடு 500 நானோ விநாடிக்குள் ஏற வேண்டும் என்று டேட்டாஷீட் சொல்வதன் பின்னால் இத்தகைய காரணங்கள் இருக்கின்றன.

இரண்டு 373-களையும் இடம் மாற்றியபோது ஆட்டம் மறைந்தது! இரண்டாவதாக வந்த சிப் 2.5 வோல்ட்டில்தான் திறக்கிறது. 2.4-இல் முதலாவது மூடுகிறது, 2.5-இல் இரண்டாவது திறக்கிறது. இறங்கும்போதும் அப்படியே, 2.5-இல் இரண்டாவது மூடி 2.4-இல் முதலாவது திறக்கும். வாசல்களின் வரிசை சரியாக அமைந்தால் எவ்வளவு மெதுவான கிளாக்கிலும் இரண்டும் ஒருசேரத் திறப்பதில்லை. தற்செயலாக நமக்கு அமைந்த இந்த வரிசையைப் பழைய டிடிஎல் 7473, 7476 ஜேகே ஃப்ளிப்-ஃப்ளாப்கள் வேண்டுமென்றே வடிவமைப்பில் வைத்திருந்தன. அவற்றின் டேட்டாஷீட்டில் கிளாக் அலையை ஒரு மேடு போல வரைந்து நான்கு புள்ளிகளைக் குறித்திருப்பார்கள். ஏற்றத்தில் முதலில் ஸ்லேவை மாஸ்டரிலிருந்து பிரிப்பது, பிறகு மாஸ்டருக்குள் தகவலை விடுவது, இறக்கத்தில் முதலில் உள்ளீட்டை அடைப்பது, பிறகு மாஸ்டரிலிருந்து ஸ்லேவுக்கு மாற்றுவது. (அவற்றின் மாஸ்டர் D வகை அல்ல. கிளாக் உயர்ந்திருக்கும்போது J-யில் ஒரு சிறு துடிப்பு வந்து போனாலும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் அவற்றை முழுமையான விளிம்பு வகையில் சேர்ப்பதில்லை.)

இடம் மாற்றிய சிப்புகளை அப்படியே விட்டுவிடலாமா என்றால், கூடாது. பத்தில் ஒரு வோல்ட் என்பது சூட்டிலும், சப்ளையிலும், அடுத்து வாங்கும் சிப்பிலும் மாறிவிடக் கூடியது. கெபாசிட்டருக்கும் கிளாக் முனைக்கும் நடுவே 74HC14-இன் ஒரு ஷ்மிட் இன்வெர்ட்டரை வைத்தோம். அதற்கு ஏறும்போது ஒரு வாசல், இறங்கும்போது அதைவிடத் தாழ்ந்த இன்னொரு வாசல். உள்ளே வருவது எவ்வளவு மெதுவாக இருந்தாலும் வெளியே போகும் விளிம்பு சில நானோ விநாடிக்குள் முடிந்துவிடும். 373-களைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்து, பொட்டென்ஷியோமீட்டரை மறுபடி ஷ்மிட்டின் உள்ளீட்டில் இணைத்துத் திருப்பிப் பார்த்தோம். எந்தப் புள்ளியில் நிறுத்தினாலும் Q-வில் நடு மின்னழுத்தம் தெரியவில்லை. ஷ்மிட் கேட் கிளாக்கைத் தலைகீழாக்குவதால், இப்போது எல்இடி பொத்தானை விடும்போது மாறுவதில்லை, அழுத்தும்போது மாறுகிறது.